தண்டையார்பேட்டை வீட்டுச் சுவரில் பட்டியா, பிஓபியா?

ஹால் சுவரில் நேர்க்கட்டையை வைத்தால் நடுவில் ஆறு மில்லிமீட்டர் பள்ளம். பெயிண்டர் அண்ணன், "பட்டியையே ரெண்டு கோட்டு ஏத்திடலாம் சார்" என்றார். வெள்ளை சிமெண்ட் பட்டி இரண்டு கோட்டும் சேர்த்து ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. தடிமனானால் மயிரிழை விரிசல் விட்டு, பிறகு உரிந்து வரும். அந்தப் பள்ளத்துக்கு பிஓபி என்கிற பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்தான் சரி. சீக்கிரம் இறுகிவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகக் குழைத்தோம்.

ஆனால் பாத்ரூமை ஒட்டிய சுவரில் பிஓபி வேண்டாம் என்று நின்றேன். அது ஜிப்சம், ஈரம் பட்டால் இளகி, ஊதி விழும். கடல் பக்கத்து ஏரியாவில் சந்தேகம் கூடுதல்தான். ஓரடி பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு ராத்திரி விட்டோம். காலையில் தாளின் உட்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். ஈரம் சுவருக்குள்ளிருந்தே வருகிறது.

முதலில் பாத்ரூம் குழாய்க் கசிவை அடைத்தோம். சுவர் காய்ந்து, தாள் சோதனை தேறியபின் அந்தச் சுவரில் இருந்த பள்ளத்தைச் சிமெண்ட் கலவையால் நிரப்பி, ஒரு வாரம் தண்ணீர் காட்டி, நன்றாக உலரவிட்டோம். அப்புறம் லேசாகத் தண்ணீர் தெளித்து, மெல்லிசாகப் பட்டி.