இரண்டு தலை கேபிளில் போட்டால் இரண்டுமே ஏன் நிரம்புவதில்லை?

தங்கச்சிமடத்தில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். வல்லத்தில் கடலுக்குப் போகும் ஒரு அண்ணன் போன மாதம் போனைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். “பேட்டரி போச்சு தம்பி, மாத்திக் குடு. ராத்திரி ஒம்பது மணிக்குப் போட்டு மூணு மணிக்கு எடுத்தா எம்பதுதான் இருக்கு. பவர் பேங்கும் அப்படித்தான், நாலு விளக்குல ரெண்டுதான் எரியுது.”

பேட்டரியைச் சோதித்தேன், நன்றாகவே இருந்தது. “எதுல சார்ஜ் போடுறீங்கண்ணே?” என்றதும் பையிலிருந்து ஒரு கேபிளை எடுத்தார். ஒரு முனையில் பெரிய யுஎஸ்பி, நடுவில் ஒரு முடிச்சு, அதிலிருந்து இரண்டு வால்கள். ஒன்றில் டைப்-சி தலை, மற்றதில் மைக்ரோ தலை. வீட்டில் படுக்கிற இடத்தில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட்தான். அதனால் போனையும் பவர் பேங்கையும் சேர்த்துப் போட இதை வாங்கியிருக்கிறார்.

இந்தக் கேபிளால் வருகிற குறையைப் பேட்டரியின் குறை என்று நினைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. நல்ல பேட்டரியை மாற்றிவிட்டு, அதே கேபிளில் மறுபடியும் போட்டு, “புது பேட்டரியும் சரியில்லை” என்று திரும்பி வருகிறவர்கள் உண்டு. எங்கே குறைகிறது என்று தெரிந்துகொண்டால் அந்தப் பணம் மிஞ்சும்.

18 வாட் சார்ஜர் 10 வாட் ஆகிவிடுகிறது

அவருடைய சார்ஜரில் 18 வாட் என்று இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடியில் உள்ள பொடி எழுத்தைப் படித்தால், அவுட்புட் என்ற இடத்தில் இரண்டு கணக்கு இருக்கும்: 5 வோல்ட் 2 ஆம்பியர், 9 வோல்ட் 2 ஆம்பியர். முதலாவது 10 வாட், இரண்டாவது 18 வாட். சார்ஜர் தானாக 9 வோல்ட் கொடுக்காது. போன் கேட்க வேண்டும். கேபிளுக்குள் மின்சாரக் கம்பிகளோடு டேட்டாக் கம்பிகளும் ஓடுகின்றன. போனும் சார்ஜரும் அவற்றின் வழியாகப் பேசி ஒத்துக்கொண்ட பிறகுதான் வோல்டேஜ் ஏறும்.

இரண்டு தலை கேபிளில் இந்தப் பேச்சுக்கு வழி இல்லை. இரண்டு வால்களும் ஒரே ஜோடி மின்கம்பியிலிருந்து பிரிகின்றன. ஒரு தலையில் 9 வோல்ட் வந்தால் மற்ற தலையிலும் அதே 9 வோல்ட்தான் வரும். அங்கே 5 வோல்ட் மட்டும் தாங்குகிற டார்ச் லைட்டோ புளூடூத் ஸ்பீக்கரோ மாட்டியிருந்தால் கருகிப்போகும். அதனால் சாதாரண கேபிள்களில் டேட்டாக் கம்பியை இரண்டு தலைக்கும் கொண்டுபோவதில்லை. பேச்சு இல்லை என்றால் சார்ஜர் 5 வோல்ட்டோடு நின்றுவிடும். இது கேபிளில் உள்ள குறை அல்ல, பாதுகாப்புக்காகச் செய்ததுதான். ஆனால் அந்தக் கேபிளை மாட்டிய நொடியிலேயே 8 வாட் போய்விடுகிறது. மிச்சமிருக்கும் 10 வாட்டைத்தான் இரண்டு பேர் பங்கிட வேண்டும்.

டேட்டாக் கம்பி இல்லாததால் இன்னொரு தொல்லையும் உண்டு. சார்ஜர் எவ்வளவு தாங்கும் என்று தெரியாத நிலையில் பல போன்கள் பயந்து அரை ஆம்பியருக்கு மேல் இழுப்பதில்லை. அப்போது பூட்டுத் திரையில் “Charging slowly” என்று வரும். அதே போனை அதன் சொந்தக் கேபிளில் போட்டதும் “Charging rapidly” என்று மாறினால், குற்றவாளி கேபிள்தான். இந்தச் சோதனைக்குக் கடைக்கு வரவே தேவையில்லை.

அந்த 10 வாட்டும் முழுதாக வருவதில்லை

அண்ணன் வீட்டில் இருக்கிற மாதிரியே எல்லாவற்றையும் மாட்டி, நடுவில் யுஎஸ்பி மீட்டரை வைத்துப் பார்த்தோம். சார்ஜர் முனையில் 5 வோல்ட், ஒன்றரை ஆம்பியர். அதாவது ஏழரை வாட். தலைகள் பக்கம் வைத்துப் பார்த்தால் வோல்டேஜ் 4.4 மட்டும்தான்.

இடையில் 0.6 வோல்ட் எங்கே போனது? கேபிளின் ஒற்றைத் தண்டில்தான். இந்த மாதிரி மலிவுக் கேபிள்களில் உள்ளே ஓடும் செப்புக் கம்பி நூல் போலத்தான் இருக்கும். ஒரு மீட்டர் நீளத்துக்குப் போக ஒன்று, வர ஒன்று என்று சேர்த்தால் தடை கிட்டத்தட்ட 0.4 ஓம். ஒன்றரை ஆம்பியரை 0.4 ஓமால் பெருக்கினால் அதே 0.6 வோல்ட் வந்துவிடும். அது வெப்பமாகப் போகிறது. கட்டிலுக்கு எட்ட வேண்டும் என்று இரண்டு மீட்டர் கேபிள் வாங்குகிறவர்கள் இந்த இழப்பை இரட்டிப்பாக்கிக்கொள்கிறார்கள்.

வோல்டேஜ் இறங்கும்போது போன் என்ன செய்கிறது என்பதுதான் முக்கியம். தன் பக்கம் வரும் வோல்டேஜை அது கவனித்துக்கொண்டே இருக்கிறது. நாலரை வோல்ட் அளவுக்கு இறங்கினால் ‘சார்ஜர் திணறுகிறது’ என்று முடிவு செய்து இழுப்பைக் குறைத்துக்கொள்ளும். சாதாரண பவர் பேங்குகள் பல அந்த அளவுக்குப் பார்ப்பதில்லை, இழுத்துக்கொண்டே இருக்கும். எங்கள் மீட்டரில் பவர் பேங்க் 0.9 ஆம்பியர் எடுத்தது, போனுக்கு 0.6தான். ஆளுக்குப் பாதி என்று பிரியும் என்பது பலரின் நினைப்பு. உண்மையில் விட்டுக்கொடுக்கிறவருக்குக் குறைவாகத்தான் கிடைக்கும். நமக்கு அவசரம் போனுக்கு, விட்டுக்கொடுப்பதும் அதுதான்.

ஒன்பது மணியிலிருந்து மூன்று மணி வரை

அவர் சொன்ன எண்பது சதவீதம் எப்படி வந்தது என்று ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். போன் பேட்டரி 5000 எம்ஏஎச், அதாவது ஏறக்குறைய 19 வாட்-மணி. பவர் பேங்க் 10000 எம்ஏஎச், ஏறக்குறைய 37 வாட்-மணி. உள்ளே போகும் மின்சாரத்தில் எட்டில் ஒரு பங்கு சூடாக வீணாகிறது என்று வைத்துக்கொள்வோம்.

போனுக்கு 4.4 வோல்ட், 0.6 ஆம்பியர். அது 2.6 வாட். ஆறு மணி நேரத்தில் வீண் போக 14 வாட்-மணிக்குக் கொஞ்சம் குறைவாக ஏறும், பேட்டரியில் 70 சதவீதத்துக்கு மேல். படுக்கும்போது 10 இருந்தது என்றால் மூன்று மணிக்கு 80. பவர் பேங்குக்கு 4 வாட். ஆறு மணி நேரத்தில் 21 வாட்-மணி, பாதிக்குக் கொஞ்சம் மேலே. இரண்டு விளக்கு எரிந்தது சரிதான். பேட்டரியைப் பற்றி அவர் சொன்ன எல்லாமே கேபிளின் கணக்கில் அடங்கிவிட்டது.

அடுத்து அவரிடம் சொன்னதை முதலில் அவர் நம்பவில்லை: இரண்டையும் ஒன்றாகப் போடாமல் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால் இரண்டுமே நிரம்பும். மாலை ஏழு மணிக்குப் போனை அதன் சொந்தக் கேபிளில் 18 வாட்டில் மாட்டினால் ஒன்பதுக்குள் ஏறக்குறைய நிறைந்துவிடும். வலையைச் சரிபார்த்து, சாப்பிட்டு முடிக்கிற நேரம் அது. படுக்கும்போது போனைக் கழற்றிவிட்டு, பவர் பேங்கைக் குட்டையான தனிக் கேபிளில் மாட்டினால் 9 வாட் வரை போகும். ஆறு மணி நேரத்துக்கு 54 வாட்-மணி. தேவை ஏறக்குறைய 42தான். அதே பிளக் பாயிண்ட், அதே சார்ஜர், புதிதாக ஒரு ரூபாய் செலவில்லை. மறுவாரம் கடைப் பக்கம் வந்தவர், நாலு விளக்கும் எரிகிறது என்றார்.

பெரிய சார்ஜர் வாங்கினால் தீருமா?

தீராது. 33 வாட், 65 வாட் என்று எதை வாங்கி இந்தக் கேபிளை மாட்டினாலும் 5 வோல்ட்தான் வரும். சார்ஜரில் மூன்று ஆம்பியருக்கு இடமிருந்தாலும் மெல்லிய கம்பியில் வோல்டேஜ் இன்னும் இறங்கும், போன் இன்னும் பின்வாங்கும். சில்லு வைத்த விலை உயர்ந்த கேபிள்களும் வருகின்றன. முடிச்சுக்குள் இருக்கும் சில்லு சார்ஜரோடு பேசி, பங்கு பிரித்துக் கொடுக்கும். அதிலும் மொத்தம் சார்ஜரின் அளவைத் தாண்டாது. இரண்டாவது தலையை மாட்டும்போது முதலாவது ஒரு நொடி அறுந்து, குறைந்த வேகத்தில் திரும்பத் தொடங்குவதைப் பார்க்கலாம்.

ஒரே பிளக்கில் இரண்டு வேண்டும் என்றால் இரண்டு துளை உள்ள சார்ஜர் வாங்குங்கள், ஒவ்வொரு துளைக்கும் தனிக் கேபிள். வாங்கும் முன் பொடி எழுத்தில் மொத்தம் எவ்வளவு என்று பாருங்கள். ஒவ்வொரு துளையும் 20 வாட் என்று போட்டு, இரண்டும் சேர்ந்தால் 15 வாட் என்று கீழே போட்டிருப்பதும் உண்டு. படகில் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து சார்ஜ் போடுகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான்.

சும்மா தொங்கும் தலை

இது கடற்கரைக்காரர்களுக்கு அதிகம் உள்ள தொல்லை. பாம்பன், மண்டபம், தொண்டி என்று எங்கிருந்து வரும் கேபிளானாலும் ஒரு தலை பளபளவென்றும் மற்றது பச்சைக் களிம்பு பிடித்தும் இருக்கும். களிம்பு பிடித்தது அதிகம் பயன்படுத்தாத தலை. போன் ஒன்றில் மாட்டியிருக்கும்போது மற்ற தலை சும்மா தொங்கினாலும் அதன் முனையில் 5 வோல்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். உப்புக் காற்றின் ஈரம் அதில் படிந்தால், அந்த ஈரத்தின் வழியே மின்சாரம் கசிந்து செப்பை அரிக்கிறது. மின்சாரம் இல்லாத கேபிளைவிட இது பல மடங்கு வேகமாக நடக்கும். பிறகு ஒரு நாள் அந்தத் தலையை மாட்டினால் தொடும் இடத்திலேயே தடை கூடி, சூடாகி, போனின் பின்னையும் கெடுத்துவிடும்.

தேவையில்லாத தலைக்கு ரப்பர் மூடி போடுங்கள். சார்ஜ் முடிந்ததும் பிளக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். களிம்பு லேசாக இருந்தால், முதலில் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய பல் பிரஷால் தேய்த்து நன்றாக உலரவிட்டால் போய்விடும். தேய்த்த பிறகும் பொன் பூச்சு போய்ச் செம்பு தெரிந்தாலோ, சார்ஜ் போடும்போது தலையோ நடு முடிச்சோ கைபொறுக்காத சூடானாலோ, அந்தக் கேபிளை வெட்டிப் போட்டுவிடுங்கள்.