முத்துவை ஒரு வாரம் பார்த்துக்கொள்வது எப்படி

நீ பூனை வளர்த்ததில்லை என்பதால் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி வைக்கிறேன். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை வந்தால் போதும்.

1. உள்ளே வரும்போது

முதலில் வாசல் கதவைச் சாத்து, அப்புறம் செருப்பைக் கழற்று. இது நாலாம் மாடி, பல்கனிக் கதவைத் திறக்கவே வேண்டாம். முதல் நாள் கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருப்பான். இழுத்து எடுக்காதே, இருக்கிறான் என்று பார்த்தால் போதும்.

2. சாப்பாடு

காலையும் மாலையும் 25 கிராம் உலர் உணவு. சின்னத் தராசு குசினி மேசையில் இருக்கிறது. மாலையில் டின் உணவு இரண்டு மேசைக்கரண்டி எடுத்து, அதே அளவு இளஞ்சூடான தண்ணீர் விட்டுக் குழைத்து வை. ஒரு மணி நேரத்தில் சாப்பிடாததை எடுத்துக் கொட்டிவிடு, கொழும்பு வெக்கையில் கெட்டுவிடும். எறும்பு வராமலிருக்க, கிண்ணத்தைத் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவே வை.

இரண்டு உணவும் மிருக வைத்தியர் சொன்னவை. பால், கருவாடு, மீன் துண்டு எதுவும் வேண்டாம். எவ்வளவு கெஞ்சினாலும் கொடுக்காதே.

3. மணல் தட்டு

நீ கவனமாகப் பார்க்க வேண்டியது இதைத்தான். அவன் சிறுநீர் கழித்த இடத்தில் மணல் கட்டியாகிவிடும். கரண்டியால் அள்ளி சொப்பிங் பேக்கில் போடும்போது கட்டிகளை எண்ணி எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. நாளொன்றுக்கு இரண்டு முதல் நான்கு வரை, ஒவ்வொன்றும் ஏறத்தாழ தேசிக்காய் அளவு இருந்தால் சரி.

போன வருடம் ஒரு மாலை, திரும்பத் திரும்பத் தட்டில் போய்க் குந்தினான். மலச்சிக்கல் என்று நினைத்து விட்டுவிட்டேன். தட்டில் கடலை அளவில் ஒரே ஒரு கட்டிதான் இருந்தது, அதை நான் கவனிக்கவில்லை. விடியும்போது வாந்தி எடுத்தான், வயிற்றைத் தொட விடவில்லை. சிறுநீர்க்குழாய் அடைத்திருந்தது. வைத்தியர் மயக்கி, குழாய் போட்டுத்தான் காப்பாற்றினார். ஆண் பூனைகளின் சிறுநீர்க்குழாய் மிகவும் ஒடுங்கியது. முழுதாக அடைத்தால் ஓரிரு நாளில் உயிரே போய்விடும். டின் உணவில் தண்ணீர் கலக்கச் சொன்னதும் அதனால்தான்.

4. எப்போது ஓட வேண்டும்

குந்தி முக்குகிறான், கத்துகிறான், பின்புறத்தை நக்கிக்கொண்டே இருக்கிறான், ஆனால் கட்டி இல்லை என்றால் காலை வரை காத்திருக்காதே. இரவென்றாலும் உடனே வைத்தியரிடம் கொண்டு போ, எனக்கு வழியில் சொன்னால் போதும்.

ஒரு முழு நாள் எதையும் சாப்பிடாவிட்டால் எனக்கு அழைப்பு எடு. பட்டினி நீண்டால் பூனைக்கு ஈரலில் கொழுப்பு சேர்ந்துவிடும். வலி போலத் தெரிந்தாலும் பனடோல் கொடுக்காதே, பூனைக்கு அது நஞ்சு.

கூடை அலுமாரிக்கு மேலே இருக்கிறது. வைத்தியரின் இலக்கமும் இரவில் திறந்திருக்கும் இடத்தின் இலக்கமும் பிரிட்ஜ் கதவில். செலவுக்கும் ஆட்டோவுக்கும் காசு கூடைக்குள் உள்ள உறையில்.