பிள்ளையின் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள்

கோத்தகிரியிலிருந்து வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகும் குடும்பங்களுக்குப் பாஸ்போர்ட், விசா படிவங்கள் நிரப்பிக் கொடுப்பது என் தொழில். இப்போது குன்னூர், ஊட்டிப் பக்கம் இந்த வேலைக்குப் புதிதாக நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். அவர்கள் நிரப்பிக் கொடுத்தவை சிக்கலாகி என்னிடம் வரும்போது, நான் தொழில் பழகிய காலத்தில் செய்த அதே தவறுகளைப் பார்க்கிறேன். எழுத்துப்பிழை, பிறந்த தேதி மாறுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை யார் கண்ணிலும் பட்டுவிடும். அப்பாவின் பெயரைப் பிள்ளையின் சர்நேமாக எழுதும் இடத்தில் நடக்கும் தவறுகள் அப்படிப்பட்டவை அல்ல. பிள்ளை வெளிநாட்டுப் பள்ளியில் சேரும் நாள் வரை அவை வெளியே தெரிவதில்லை.

சர்நேமைக் காலியாக விடுவது

"நமக்கெல்லாம் சர்நேம் ஏதுங்க?" என்றுதான் எல்லா வீட்டிலும் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் படிவத்தில் சொந்தப் பெயருக்குக் கிவன் நேம், குடும்பப் பெயருக்குச் சர்நேம் என்று இரண்டு கட்டம் இருக்கிறது. இனிஷியலை அப்படியே போட முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். உடனே கிவன் நேம் கட்டத்தில் KAVIN SIVAKUMAR என்று இரண்டு பெயரையும் சேர்த்து எழுதிவிட்டு, சர்நேம் கட்டத்தைக் காலியாக விடுகிறார்கள். பாஸ்போர்ட்டும் எந்தக் கேள்வியும் இல்லாமல் வந்துவிடும். அதனால்தான் இந்தத் தவறு இன்னமும் என்னை எரிச்சல்படுத்துகிறது. செய்தவருக்குக் கடைசிவரை தெரியாது, சுமப்பது அந்தக் குடும்பம்.

சர்நேம் இல்லாத பாஸ்போர்ட்டை ஒவ்வொரு நாடும் தன் முறைப்படி படிக்கிறது. அமெரிக்க விசாவில் கிவன் நேம் முழுவதும் சர்நேம் இடத்துக்குப் போய்விடும், கிவன் நேம் இருக்க வேண்டிய இடத்தில் முதல் பெயர் தெரியவில்லை என்று பொருள்படும் FNU என்ற மூன்று எழுத்து வரும். கனடாவில், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லையென்றால் கிவன் நேமைக் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதி, கிவன் நேமைக் காலியாக விடச் சொல்லி விண்ணப்ப விதியே இருக்கிறது. அதாவது இங்கே நாம் காலியாக விட்ட கட்டம் அங்கே நிரம்பிவிடுகிறது. பிள்ளைக்குச் சொந்தப் பெயர் இருக்க வேண்டிய கட்டம் காலியாகிவிடுகிறது.

கனடா போன ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன், பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். பையன் அங்கே தங்குவதற்கான பெர்மிட்டில் KAVIN SIVAKUMAR முழுவதும் குடும்பப் பெயராக அச்சாகிவிட்டது. பள்ளி அலுவலகம் அதைப் பார்த்துத்தான் பதிவேட்டில் ஏற்றியது. அவர்களுடைய கணினி முதல் பெயர் இல்லாமல் பதிவை ஏற்கவில்லை, அங்கே ஒரு புள்ளியை வைத்தார்கள். அடுத்த ஆண்டு வேறு பள்ளிக்கு மாறினான். அங்கிருந்த எழுத்தர் பெயரை இரண்டாகப் பிரித்து, கவின் முதல் பெயர், சிவகுமார் குடும்பப் பெயர் என்று சரியாகவே போட்டார். ஆனால் இப்போது ஒரு பள்ளியின் மதிப்பெண் அறிக்கை ஒரு விதமாகவும், இன்னொன்று வேறு விதமாகவும், மருத்துவ அட்டை பெர்மிட்டில் இருப்பது போலவும் ஆகிவிட்டது. பழைய பள்ளியின் பதிவைப் புதிய பள்ளியில் தேடினால் அந்தப் பெயரில் மாணவனே இல்லை. ஒரு தடுப்பூசிச் சான்றை ஒப்புக்கொள்ள வைக்க, அந்த அம்மா பிறப்புச் சான்றிதழின் நகலைத் தூக்கிக்கொண்டு இரண்டு அலுவலகங்களுக்கும் நடந்தார்.

இதைப் பள்ளியில் தொடங்கித் திருத்த முடியாது. பலர் அங்கேதான் போய் நிற்கிறார்கள். பள்ளி செய்யக்கூடியது, கூப்பிடும் பெயர் என்ற தனிக் கட்டத்தில் 'கவின்' என்று போடுவது. வகுப்பில் கூப்பிட அது உதவும், சான்றிதழில் வராது. திருத்தம் பாஸ்போர்ட்டிலிருந்து கீழே இறங்கி வர வேண்டும். இந்தியத் தூதரகம் வழியாக மறு வெளியீட்டுக்கு விண்ணப்பித்து, சர்நேம் கட்டத்தில் SIVAKUMAR, கிவன் நேம் கட்டத்தில் KAVIN என்று பிரிக்கக் கேட்டார்கள். பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட அனெக்ஸர் டி என்ற உறுதிமொழிப் படிவமும் பிறப்புச் சான்றிதழும் உடன் போயின. நம் ஊர்ப் பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயருக்குத் தனிப் பத்தி இருப்பது இந்த இடத்தில் பெரிய உதவி. சிவகுமார் என்பது புதிதாகச் சேர்த்த பெயர் இல்லை, அப்பாவின் பெயர்தான் என்று அதுவே காட்டிவிடும். பாஸ்போர்ட் வந்த பிறகு பெர்மிட், அதற்குப் பிறகு மருத்துவ அட்டை, கடைசியில்தான் பள்ளி. இந்த வரிசையை மாற்றினால் மேலே இருக்கும் ஆவணம் கீழே திருத்தியதை மறுபடி கெடுத்துவிடும்.

சிறு பிள்ளைகளின் பாஸ்போர்ட் பொதுவாக 5 ஆண்டுக்குத்தான். அவசரமில்லாதவர்கள் புதுப்பிக்கும் நேரத்திலேயே இதைச் செய்துகொள்ளலாம். ஆனால் பிள்ளை பெரிய தேர்வு எழுதும் வகுப்புக்கு வரும் முன் செய்துவிடுங்கள். தேர்வுச் சான்றிதழில் ஏறிய பெயரை மாற்றுவது இதைவிடப் பெரிய வேலை.

இனிஷியல் முன்னால் இருக்கிறதே என்று அப்பா பெயரை முன்னால் எழுதுவது

சி. கவின் என்பதை அதே வரிசையில் விரித்து, சிவகுமாரைக் கிவன் நேமிலும் கவினைச் சர்நேமிலும் போட்டுவிடுகிறார்கள். ஆசிரியை பையனை "சிவகுமார்" என்று கூப்பிடுவார். அப்பாவுக்கு வரும் கடிதத்தில் "மிஸ்டர் கவின்" என்று இருக்கும். பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் படம் இருக்கும் பக்கத்தின் அடியில் உள்ள வரியைப் பாருங்கள். `<<` குறிக்கு முன்னால் இருப்பதுதான் சர்நேம்.

```
P<INDSIVAKUMAR<<KAVIN<<<   சரி
P<INDKAVIN<<SIVAKUMAR<<<   தவறு
```

ஹட்டிப் பெயரும் கவுடரும்

படகர் வீடுகளில் இரண்டு இனிஷியல் வைத்திருப்பவர்கள் உண்டு, ஒன்று ஹட்டியின், அதாவது சொந்த ஊரின் பெயர், இன்னொன்று அப்பா பெயர். இரண்டையும் விரித்துச் சர்நேமில் போட்டால் ஊர்ப்பெயரும் பிள்ளையின் குடும்பப் பெயராகிவிடும். தாத்தாவின் பழைய பத்திரத்தில் கவுடர் என்று இருக்கிறது, அதையும் சேர்க்கலாமா என்றும் கேட்கிறார்கள். அப்பாவின் பாஸ்போர்ட்டில் அவருடைய சொந்தப் பெயர் எப்படி இருக்கிறதோ, ஒரு எழுத்துகூட மாறாமல் அப்படியே பிள்ளையின் சர்நேமில் வர வேண்டும். அதில் கவுடர் இல்லையென்றால் இங்கேயும் வேண்டாம்.

அண்ணனுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று

கூடாது. மூத்த பிள்ளைக்கு எப்படியோ அப்படியே இளையதுக்கும்.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே சர்நேம் வேண்டும் என்று நினைப்பது

அப்பா பெயர் சிவகுமார், அவருடைய சர்நேம் அவர் அப்பாவான போஜன். பையனுக்குச் சர்நேம் சிவகுமார். அம்மாவுக்கு அவர் அப்பா பெயரே இருக்கலாம். மூன்று பேருக்கும் மூன்று சர்நேம், அதில் தவறே இல்லை. இது பொருந்தவில்லையே என்று சிலர் பையனுக்கும் போஜன் என்று போட்டுவிடுகிறார்கள். நாளைக்கு ஊர் திரும்பிக் கோத்தகிரிப் பள்ளியில் சேர்த்தால், அங்கே இனிஷியல் சி, பாஸ்போர்ட்டில் போஜன். மறுபடி விளக்கம் எழுத வேண்டும்.

தாத்தா பெயரையே குடும்பப் பெயராக வைத்துக்கொள்ள விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதை முதல் பிள்ளையின் முதல் பாஸ்போர்ட்டுக்கு முன்னால் முடிவுசெய்துவிட வேண்டும். மற்றவர்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: சேர்க்கையின்போது பிறப்புச் சான்றிதழின் நகலைப் பள்ளியில் கொடுங்கள். பிள்ளையை அழைத்துப் போக அனுமதி உள்ளவர்கள் பட்டியலில் அப்பா, அம்மா பெயர்களை அவரவர் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே எழுதி, பக்கத்தில் உறவையும் குறிப்பிடுங்கள். விமானத்தில் அம்மா மட்டும் பிள்ளையோடு வந்தால் அதே நகல் ஒன்று கைப்பையிலும் இருக்கட்டும்.