முப்பத்துநான்கில் நான்கு: தேனீ வளர்க்கும் ஒருவருக்காக மாதமடலைச் சுருக்கும் முறை

மார்த்தாண்டத்தை அடுத்த ஒரு சிற்றூரில் என் மாமா 30 பெட்டிகளில் தேனீ வளர்க்கிறார். அவருக்கு மாதந்தோறும் ஒரு வேளாண் மடல் வருகிறது. சனவரி இதழில் 34 செய்திகள் இருந்தன. கண் மங்கிவரும் அவரால் அத்தனையையும் படிக்க இயலாது என்பதால், அவருக்கு வேண்டியதை மட்டும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்கிறேன். அதை எப்படிச் செய்வது என்பதை அந்த இதழை வைத்தே விளக்குகிறேன்.

முதலில் வாசகரை எழுதுங்கள். மடலைத் திறப்பதற்கு முன், யாருக்காகச் சுருக்குகிறீர்களோ அவரைப் பற்றி ஓர் அட்டையில் ஐந்தாறு வரிகள் எழுதிக்கொள்ள வேண்டும். "தேனீயில் ஆர்வமுள்ளவர்" என்று எழுதினால் பயனில்லை. என் அட்டையில் இருந்தவை இவை: வளர்ப்பது இந்தியத் தேனீ, இத்தாலியத் தேனீ அன்று, பெட்டிகள் நிற்பது ரப்பர் தோட்டங்களில், தேன் வரவு ரப்பர் துளிர்க்கும் காலத்தில், மழைக்காலத்தில் சர்க்கரைப்பாகு கொடுக்கிறார், தேனைத் தாமே விற்கிறார்.

அடுத்து, செய்திகளுக்கு எண் இட்டு, தலைப்பை மட்டும் பார்த்து, ஐயமின்றி வேண்டாதவற்றை நீக்குங்கள். நெல், மீன், கறவை மாடு பற்றியவை இவ்வாறு போயின, 13 மிஞ்சின. சிறிதேனும் ஐயம் இருந்தால் வைத்துக்கொள்வதே நல்லது.

மிஞ்சியவற்றை முழுமையாகப் படித்து, ஒவ்வொன்றையும் அட்டையோடு ஒப்பிடுங்கள். கவனம் மிகுதியாக வேண்டியது இங்கேதான், ஏனெனில் தலைப்பில் "தேனீ" என்ற சொல் இருப்பதும் செய்தி அவருக்குப் பயன்படுவதும் வேறுவேறு. முதற்பக்கத்தில் பெரிய எழுத்தில் வந்த கட்டுரை வரோவா உண்ணிக்கு மருந்திடுவது பற்றியது. நான் அதை முதலிடத்தில் வைத்தபோது மாமா கேட்டார்: "மக்ளே, இது இத்தாலியன் தேனீக்குச் சொன்னதுல்லா?" அவர் சொன்னது சரி. இந்தியத் தேனீ தன் உடலிலிருந்தும் கூட்டாளிகளின் உடலிலிருந்தும் உண்ணியைப் பெருமளவு தானே அகற்றிக்கொள்வதால், அந்த உண்ணியால் இத்தாலியத் தேனீக்கு நேரும் அளவு அழிவு இதற்கு நேர்வதில்லை. மாறாக, கடைசிப் பக்கத்தில் மூன்றே வரிகளில் இருந்த தாய்லாந்து சாக் புரூட் வைரஸ் எச்சரிக்கை அவருக்கானது. 1990களின் தொடக்கத்தில் இந்தப் பகுதியின் இந்தியத் தேனீக் கூட்டங்களைப் பேரளவில் அழித்த நோய் அது. அடையின் அறைக்குள் தேனீப்புழு நிமிர்ந்து, நீர் கோத்த பை போல் இறந்து கிடப்பது அதன் அடையாளம். அதை முதலிடத்துக்குக் கொண்டுவந்தேன்.

பிறகு, வாசகர் எதைச் சார்ந்து வாழ்கிறார் என்று கேட்டு, நீக்கியவற்றை மீண்டும் ஒருமுறை பாருங்கள். ரப்பர் இலைக்காம்பின் நுனியில், மூன்று இலைகளும் சேரும் இடத்தில் உள்ள சுரப்பிகளிலிருந்து இளந்துளிர்ப் பருவத்தில் மதுரம் என்னும் இனிப்பு நீர் கசிகிறது. கன்னியாகுமரி மாவட்டத்துத் தேனில் பெரும்பங்கு அதிலிருந்துதான் வருகிறது. ஆகவே, ரப்பர்த் துளிரைத் தாக்கும் சாம்பல் நோய்க்குக் கந்தகத்தூள் தூவுவது பற்றிய செய்தியில் தேனீ என்ற சொல்லே இல்லாவிட்டாலும், துளிர் உதிர்ந்தால் தேன் வரவும் குறையும் என்பதால், அது அவருடைய செய்தியே. தலைப்பை மட்டும் பார்த்தபோது நான் அதை நீக்கியிருந்தேன்.

இறுதியில் நின்றவை நான்கு: வைரஸ் எச்சரிக்கை, சாம்பல் நோய், தேனீ வளர்ப்புப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள், தேன் விற்பனைக்கான உரிமம் பற்றிய குறிப்பு.

ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று வாக்கியங்களில் எழுதுங்கள்: என்ன நடந்தது, அவர் என்ன செய்ய வேண்டும், எந்த நாளுக்குள். ஓரத்தில் மூலத்தின் எண்ணைக் குறியுங்கள். சுருக்கும்போது முதலில் உதிர்வது நிபந்தனையே. பயிற்சிச் செய்தியில் "முன்பு பயிற்சி பெறாதவர்களுக்கு மட்டும்" என்றிருந்த சொற்களை நான் விட்டுவிட்டதால், மாமா வீணாக ஒருமுறை பேருந்தில் போய்வந்தார். அதிலிருந்து, "மட்டும்", "தவிர", "உட்பட்டு" ஆகிய சொற்களை மூலத்தில் அடிக்கோடிட்ட பிறகே சுருக்கத் தொடங்குகிறேன்.

நீக்கியவற்றை ஒரு மாதம் வைத்திருங்கள். அடுத்த இதழ் வரும்போது, எதையாவது வேறு வழியில் அறிந்தாரா என்று கேளுங்கள். முதிர்ந்த ரப்பர் மரங்களை வெட்டி மறுநடவு செய்வதற்கான உதவி பற்றிய செய்தியை, அவருக்குச் சொந்தத் தோட்டம் இல்லை என்பதால் நீக்கியிருந்தேன். ஆனால் அவருடைய பெட்டிகளில் பாதி ஒரே ஒருவருடைய தோட்டத்தில் நிற்கின்றன; அத்தோட்டக்காரர் மரம் வெட்டப்போவதை மாமா தேநீர்க்கடையில்தான் கேள்விப்பட்டார். அன்றே அட்டையில் ஒரு வரி சேர்த்தேன்: "பெட்டி நிற்கும் நிலம் பிறருடையது."