முதல் புத்தகம் வெளியாகும் மாதம்: எங்கே தவறுகிறோம்?

என் நண்பர் ஒருவரின் முதல் சிறுகதைத் தொகுப்பு வந்தபோது நான் கூடவே இருந்தேன். 144 பக்கம், விலை 180 ரூபாய், 200 பிரதிகள். பிரதிக்கு 90 ரூபாய் அச்சுக்கூலி கொடுத்த பிறகு கையில் 12,000 ரூபாய் மிச்சம் இருந்தது. முகநூலில் முந்நூறு பேர், அதில் பாதி உறவினர்கள். அவர் எழுத்தைத் தேடிப் படிக்கும் வாசகர் என்று யாரும் அப்போது கிடையாது.

அந்த 12,000 ரூபாயும் ஒரே மாலையில் வெளியீட்டு விழாவுக்குப் போய்விட்டது. மண்டபத்துக்கு 4,000, பேனருக்கும் அழைப்பிதழுக்கும் 2,000, சிறப்பு விருந்தினர் வந்துபோக 2,500, பொன்னாடை, தேநீர், சுண்டலுக்கு 2,500, புகைப்படக்காரருக்கு 1,000. அறுபது பேர் வந்தார்கள், 31 பிரதி விற்றது. வாங்கியவர்களில் 24 பேர் சொந்தக்காரர்களும் அலுவலக நண்பர்களும். அவர்கள் விழா நடக்காவிட்டாலும் வாங்கியிருப்பார்கள். மேடையில் பேசிய ஐந்து பேரில் ஒருவர்தான் புத்தகத்தை முழுதாகப் படித்திருந்தார். காரணம் எளிது. அச்சகத்திலிருந்து கட்டு வந்ததே விழாவுக்கு இரண்டு நாள் முன்னால்தான்.

விழாவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதை மாதத்தின் முதல் நாளில் வைப்பதுதான் தவறு. பெயர் தெரிந்த எழுத்தாளருக்கு முதல் நாள் கூட்டம் விற்பனையைத் தரும், ஏனென்றால் வாசகர்கள் ஏற்கெனவே காத்திருக்கிறார்கள். புதியவருக்குக் காத்திருப்பவர் யாரும் இல்லை. அதனால் முதல் மூன்று வாரம் படிக்கக் கொடுப்பதற்கு, நான்காவது வாரம் படித்தவர்கள் கூடிப் பேசுவதற்கு. பல ஊர்களில் கிளை நூலகத்தோடு சேர்ந்து வாசகர் வட்டம் இயங்குகிறது. நூலகரிடம் இரண்டு பிரதி கொடுத்து ஒரு மாதம் முன்பே கேட்டால், பதினைந்து பேர் உட்கார்ந்து பேச இடம் கிடைக்க வாய்ப்பு உண்டு. செலவு தேநீருக்கு மட்டும்தான், 600 ரூபாய் போதும்.

அடுத்தது தேதி. ‘புத்தகக் காட்சிக்குள் கொண்டுவந்துவிட வேண்டும்’ என்ற அவசரம் எல்லோருக்கும் இருக்கிறது. ஜனவரியை ஒட்டி நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியில் தினமும் புதுப் புத்தகங்கள் வந்து குவியும். பெயர் தெரியாத ஒருவரின் தொகுப்பு அந்த நாட்களில் வெளியானால் அது வந்ததே யாருக்கும் தெரியாது. அச்சகங்களுக்கும் டிசம்பர் நெருக்கடியான மாதம். காலண்டர், டைரி வேலைகளோடு காட்சிக்கான புத்தகங்களும் சேர்ந்துகொள்ளும். சொன்ன தேதிக்கு வராது, மாதிரிப் பிரதி பார்க்கவும் நேரம் இருக்காது.

நண்பரின் புத்தகத்தில் இதுதான் நடந்தது. யூனிகோடில் தட்டச்சு செய்த கோப்பைப் பக்க வடிவமைப்பாளர் வேறு எழுத்துருவுக்கு மாற்றியபோது சில இடங்களில் கொம்பும் காலும் இடம் மாறிவிட்டன. திரையில் வேகமாகப் புரட்டிப் பார்த்தபோது கண்ணில் படவில்லை. 200 பிரதியிலும் அப்படியே அச்சாகிவிட்டது. ஒரே ஒரு மாதிரிப் பிரதியைத் தாளில் எடுத்து, கொ, கோ, கௌ வரும் சொற்களையாவது விரல் வைத்துப் படித்திருந்தால் பிடித்திருக்கலாம். இதற்கு ஒரு வாரம் ஒதுக்க வேண்டும்.

என் யோசனை, நவம்பர் 20 முதல் டிசம்பர் 20 வரையான நாட்களை வெளியீட்டு மாதமாக வைத்துக்கொள்வது. பிரதிகள் நவம்பர் 15-க்குள் வீட்டில் இருக்க வேண்டுமென்றால் அச்சுக்கோப்பு அக்டோபர் 10-க்குள் தயாராக வேண்டும். ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு அதற்கும் முன்பே isbn.gov.in தளத்தில் விண்ணப்பித்துவிட வேண்டும். இந்தியாவில் அது இலவசம், ஆனால் கிடைக்க நாளாகும். எண் வரவில்லையே என்று அட்டை காத்திருந்து தேதி தள்ளிப்போனதைப் பார்த்திருக்கிறேன். டிசம்பர் தொடக்கத்தில் ஏதாவது ஒரு பதிப்பகத்திடம் பத்துப் பிரதி கொடுத்து, காட்சியில் அவர்கள் கடையில் வைக்கக் கேட்கலாம். அதற்குள் நாலு பேர் புத்தகத்தைப் பற்றிப் பேசியிருந்தால் யாராவது பெயர் சொல்லிக் கேட்பார்கள்.

சரி, அந்த நாலு பேர் யார்? இங்கேதான் மூன்றாவது தவறு வருகிறது. பெரும்பாலோர் இலவசப் பிரதிகளைத் தாங்கள் மதிக்கும் பெரிய எழுத்தாளர்களுக்கு, கேட்காமலேயே அனுப்புகிறார்கள். அவர்கள் மேசையில் அப்படி ஏற்கெனவே நிறையப் புத்தகங்கள் இருக்கும். கடந்த ஆறு மாதத்தில் வேறு ஏதாவது ஒரு புதியவரின் முதல் புத்தகத்தைப் பற்றி நாலு வரி எழுதியவர் யார் என்று தேடுங்கள். முப்பது பெயர் சேர்க்க இரண்டு வாரம் ஆகும். ஒவ்வொருவருக்கும் அவர் எழுதியதைக் குறிப்பிட்டுத் தனியாக ஒரு செய்தி அனுப்பி, ‘அனுப்பட்டுமா’ என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். பத்திரிகை என்றால் மதிப்புரைக்கு இரண்டு பிரதி கேட்பது வழக்கம். சிற்றிதழ்கள் பக்கங்களை முன்கூட்டியே முடித்துவிடுவார்கள் என்பதால் அவர்களுக்கு முதல் வாரமே போய்ச் சேர வேண்டும்.

அஞ்சல் செலவை நினைத்துப் பயப்பட வேண்டாம். 2025 மே மாதம் அஞ்சல் துறை தொடங்கிய ‘ஞான் போஸ்ட்’டில் 300 கிராம் வரை 20 ரூபாய், வரி தனி. 144 பக்கப் புத்தகம் அதற்குள் அடங்கிவிடும். தரைவழியில் போவதால் மெதுவாகத்தான் சேரும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். உறையோடு சேர்த்து பிரதிக்கு 35 ரூபாய், அச்சுக்கூலி 90. முப்பது பேருக்கு 3,750 ரூபாய். வாசகர் வட்டத் தேநீரையும் சேர்த்தால் 4,350. அந்த 12,000-இல் 7,650 மிச்சம், மறு அச்சுக்கு வைத்துக்கொள்ளலாம். இரண்டு வாரம் கழித்து, ‘எந்தக் கதையில் நிறுத்தினீர்கள்?’ என்று ஒருமுறை மட்டும் கேளுங்கள். ‘படித்துவிட்டீர்களா?’ என்பதைவிட இதற்குப் பதில் சொல்வது எளிது. முப்பது பேரில் ஐந்தாறு பேர் எழுதினாலே நல்ல பலன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, அந்த மாதம் முழுக்க அட்டைப் படத்தையே திரும்பத் திரும்பப் பகிர்வது. உங்களை அறியாதவருக்கு அட்டையில் பார்க்க ஒன்றும் இல்லை. தொகுப்பிலிருந்து ஒரு கதையை முழுதாக, இலவசமாகப் படிக்கக் கொடுங்கள். தலைப்புக் கதையாக இருக்க வேண்டியதில்லை. நண்பரின் தொகுப்பில் தலைப்புக் கதை இருபது பக்கம், ஆறு பக்கத்தில் ஒரு பேருந்து நிலையக் கதையும் இருந்தது. விழா முடிந்து ஐந்து வாரம் கழித்து அந்தச் சின்னக் கதையை வெளியிட்டார். அடியில் விலை, அஞ்சல் சேர்த்து 200 ரூபாய், யூபிஐ எண், முகவரி அனுப்ப வாட்ஸப் எண் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தன. அதற்குமுன் ‘விவரங்களுக்கு உள்பெட்டியில் வரவும்’ என்று மட்டும் போட்டுவந்தார். கேட்டவர்களில் பாதிப் பேர் பதில் வருவதற்குள் மறந்துபோனார்கள்.

அவர் ஒரு நோட்டில் வாங்கியவர் பெயர், ஊர், யார் சொல்லிக் கேள்விப்பட்டார் என்று எழுதிவந்தார். முகம் தெரியாதவர்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. விழா நடந்த வாரப் பக்கத்தில் இரண்டே புள்ளி. கதை வெளியான வாரத்தில் பதினேழு.