டூல் கிரிப் ஜன்னலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் மெஷின் ஷாப்பின் டூல் கிரிப்பில், அதாவது டூல்களைக் கொடுத்து வாங்கும் அறையில், இந்த வருடம் ஐ.டி.ஐ. முடித்த இரண்டு பையன்களைப் போட்டிருக்கிறார்கள். போன வாரம் ஷிஃப்ட் முடியும் நேரத்தில் ஜன்னலுக்குப் பின்னால் நின்று அவர்கள் வேலையைப் பார்த்தேன். இருபது வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே தவறை, அதே வேகத்தில், அதே நல்ல எண்ணத்தோடு செய்துகொண்டிருந்தார்கள். பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

டோக்கன் வாங்காமல் டூல் கொடுக்கக் கூடாது, ஜன்னலைத் திறந்து போட்டுவிட்டு டீக்குப் போகக் கூடாது என்பதெல்லாம் முதல் நாளே யாராவது சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

டோக்கன் முறை தெரியாதவர்களுக்கு மட்டும் சுருக்கமாக: ஒவ்வொருவருக்கும் அவருடைய எண் குத்திய பித்தளை வில்லைகள் பத்து கொடுப்போம். ஒரு டூல் வேண்டுமென்றால் ஒரு வில்லை. டூல் இருந்த இடத்துக் கொக்கியில் அந்த வில்லை தொங்கும். டூல் திரும்பி வந்ததும் வில்லை அவர் கைக்குப் போகும். கொக்கியைப் பார்த்தாலே டூல் யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

டூலைப் பார்ப்பதற்கு முன்பே டோக்கனைக் கொடுத்துவிடுவது

இதுதான் அந்தத் தவறு. ஷிஃப்ட் முடியும்போது ஜன்னலில் பதினைந்து பேர் நிற்பார்கள். கம்பெனி பஸ் கிளம்ப ஐந்து நிமிடம்தான் இருக்கும். "தம்பி, சீக்கிரம்" என்று நாலு கைகள் நீளும். பையன் டூலை வாங்கிக் கொக்கியில் மாட்டுகிறான், அங்கே தொங்கிய டோக்கனை எடுத்து நீட்டுகிறான், அடுத்தவரிடம் போகிறான். வரிசை மளமளவென்று குறைகிறது. வேலை நன்றாக நடப்பது போலவே தெரியும்.

ஆனால் அந்த டூல் அவர் பொறுப்பில் இருந்தது என்பதற்கு நம்மிடம் இருந்த ஒரே அடையாளம் அந்த வில்லைதான். அது அவர் கைக்குப் போன நொடியிலிருந்து டூலில் என்ன குறை இருந்தாலும் அது நம்முடையது. அதைவிட மோசம், மாட்டிய டூல் கொக்கியில் நல்ல டூலாகத் தொங்குகிறது. காலையில் வருகிறவர் அதை நம்பித்தான் வாங்கிப் போவார்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அப்போது வேறொரு கம்பெனியில் இருந்தேன். வார்ப்பிரும்பு லீவரில் 12 எச்7 துளை, அதில் ஒரு பின் ஏறி உட்கார்ந்து சுழல வேண்டும். துளை 12.000 முதல் 12.018 மி.மீ. வரை இருக்கலாம். துளையைச் சீவிச் சரியான அளவுக்குக் கொண்டுவரும் ரீமர் போட்டு, கோ - நோகோ பிளக் கேஜால் பார்த்து அனுப்புவார்கள். கோ முனை துளைக்குள் போக வேண்டும், நோகோ முனை போகக் கூடாது. 240 லீவர் போய்விட்டது. அசெம்ப்ளியிலிருந்து ஆள் வந்தார்: பாதிக்கு மேல் பின் ஏறவில்லை.

இன்ஸ்பெக்ஷனில் போர் கேஜ் போட்டுப் பார்த்தோம். துளைகள் 11.995 முதல் 11.998 வரை. சிறியதாக இருந்த பின்கள் எப்படியோ உள்ளே போய்விட்டன, மேல் அளவில் இருந்தவை மறுத்துவிட்டன. அதனால்தான் விஷயம் உடனே வெளியே வரவில்லை. ரீமரை அளந்தோம். 12 எச்7 துளைக்கான புது ரீமர் 12.008 முதல் 12.015 வரை இருக்க வேண்டும், இது 11.996. சரி, துளை சின்னதாகிவிட்டது, கோ கேஜ் எப்படி உள்ளே போனது? கேஜையும் அளந்தோம். கோ முனையின் பின்பகுதி 11.999, முன்பகுதி 11.994. வார்ப்பிரும்புத் துளைகளில் நுழைந்து நுழைந்து முன்பகுதி தேய்ந்திருந்தது. தேய்ந்த ரீமர் போட்ட சின்னத் துளையை, தேய்ந்த கேஜ் "சரி" என்று சொல்லியிருக்கிறது. இரண்டில் ஒன்று நன்றாக இருந்திருந்தாலும் முதல் லீவரிலேயே பிடித்திருக்கலாம். இரண்டும் என் ஜன்னல் வழியாகத்தான் போய் வந்தன.

துளை சின்னதாக இருந்ததால் புது ரீமர் போட்டுப் பெரும்பாலானவற்றை மீட்டோம். பெரிதாகிப் போயிருந்தால் மொத்தமும் ஸ்கிராப்தான். ஆனால் அதற்குள் சிலவற்றில் பின்னைச் சுத்தியலால் அடித்து ஏற்றியிருந்தார்கள். அவை இறுகிப்போய், கழற்றும்போது துளையே கீறிவிட்டது. அவற்றைத் தூக்கிப் போட்டோம்.

ரீமரைக் கடைசியாக யார் வைத்திருந்தார்கள் என்று தேடினால் கொக்கியில் ஒன்றும் இல்லை, ரெஜிஸ்டரில் "திரும்பியது" என்ற ஒரு சொல் மட்டும். விசாரித்துப் பார்த்ததில் ஒரு மூத்த ஆப்ரேட்டர் சொன்னார்: "திருப்பிக் கொடுக்கும்போதே உன்கிட்ட சொன்னேனே தம்பி, கடைசில இழுக்குது, சத்தம் வருதுன்னு." அவர் சொன்னது உண்மை. வரிசையில் நின்றபடி சொன்னார், நான் தலையை ஆட்டிவிட்டு அவர் டோக்கனைக் கொடுத்தேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது.

சரி, என்ன செய்வது? பதினைந்து பேரை நிறுத்திவைத்து ஒவ்வொரு டூலையும் அளக்க முடியாது. முயன்றால் இரண்டே நாளில் சூப்பர்வைசர் வந்து நிறுத்திவிடுவார். நாங்கள் கண்ட வழி இது. ரீமர், மரை வெட்டும் டேப், கேஜ், மைக்ரோமீட்டர் நாலும் ஜன்னலில் திரும்பி வந்தால் கொக்கிக்குப் போகாது. சிவப்பு ட்ரேக்குப் போகும். கொக்கியிலிருந்து டோக்கனை எடுத்து அந்த டூலோடு சேர்த்து ட்ரேயிலேயே வைப்போம். ஆப்ரேட்டர் காத்திருக்காமல் பஸ் பிடிக்கலாம். கூட்டம் போனதும் நிதானமாகப் பார்த்து, நன்றாக இருந்தால் டூலைக் கொக்கியில் மாட்டி, டோக்கனை அவருடைய உறையில் போடுவோம். மறுநாள் வரும்போது வாங்கிக்கொள்வார். ஒரே இரவில் ஒருவருடைய மூன்று நாலு டோக்கன் ட்ரேயில் இருந்தாலும் மீதி ஆறு அவரிடம் இருக்கும், வேலை நிற்காது.

ஆப்ரேட்டர் ஜன்னலில் என்ன சொல்கிறாரோ அதை ஒரு சீட்டில் எழுதி டூலில் கட்டுங்கள். அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். "சத்தம் வருது", "கீழே விழுந்தது", "துளை வாய் அகலுது" என்று எழுதினால் போதும். டூலைத் தொட்டு வேலை செய்தவர் அவர். நம் கண்ணுக்குத் தெரியாததும் அவர் காதுக்குத் தெரிந்திருக்கும்.

பார்ப்பது என்றால் எதைப் பார்ப்பது? ரீமரை எதிரெதிர்ப் பற்களில் மைக்ரோமீட்டர் வைத்து அளக்க வேண்டும். முனைச் சரிவு முடிந்த இடத்துக்குச் சற்றே பின்னால் அளக்க வேண்டும். அங்கிருந்து ஷாங்க் பக்கம் போகப் போக ரீமர் கொஞ்சம் மெலிந்தே செய்யப்பட்டிருக்கும், எனவே நடுவில் அளந்தால் நல்ல ரீமரும் தேய்ந்தது போலக் காட்டும். எங்களிடம் 12 எச்7 ரீமர் 12.004-க்குக் கீழே இறங்கினால் கொக்கிக்குத் திரும்புவதில்லை. 0 - 25 மைக்ரோமீட்டர் என்றால் இரு முகங்களையும் துடைத்து, ராட்செட்டால் மூடி, சைபரில் நிற்கிறதா என்று பாருங்கள். அரை நிமிட வேலை. கீழே விழுந்தது என்றால் சைபர் சரியாக நின்றாலும் கேலிபரேஷனுக்கு அனுப்பிவிடுங்கள். கோ கேஜின் முன்முனையையும் பின்பகுதியையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஜன்னலில் இருக்கும் மைக்ரோமீட்டர் பெரிய தேய்மானத்தைத்தான் காட்டும். ஒன்றிரண்டு மைக்ரான் விவகாரத்தை அளவுக்கூடத்துக்குத் தள்ளிவிடுங்கள்.

அப்புறம் ரெஜிஸ்டர். "திரும்பியது" என்ற சொல்லை எங்கள் ரெஜிஸ்டரிலிருந்து எடுத்தே விட்டோம். ரீமருக்கும் கேஜுக்கும் தேதி, டோக்கன் எண், திரும்பி வந்தபோது இருந்த அளவு, இந்த மூன்றும் எழுதுகிறோம். நாலைந்து முறை எழுதிய பிறகு அளவு இறங்கும் வேகம் தெரிய ஆரம்பிக்கும். அடுத்த ரீமருக்கு எப்போது இன்டென்ட் போட வேண்டும் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

துண்டைப் பார்க்காமல் "உடைந்தது" என்று எழுதுவது

உடைந்த டேப்பின் நுனி துளைக்குள் மாட்டிக்கொண்டிருக்கலாம், ஷாங்க் எங்கும் போகாது. அது கைக்கு வரட்டும், பிறகு எழுதுங்கள். துண்டு வராவிட்டால் அது உடைந்தது அல்ல, தொலைந்தது. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதினால், எந்த மெஷினில் டேப் உடைகிறது என்ற முக்கியமான விஷயம் மறைந்துபோகும். ஒருமுறை எங்களிடம் எம்8 டேப் வாரம் நாலைந்து போய்க்கொண்டிருந்தது. துண்டுகளைச் சேர்த்துவைத்துப் பார்த்தபோது எல்லாம் ஒரே டோக்கன் எண்கள், ஒரே மெஷின். அங்கே போய்ப் பார்த்தால் டேப்புக்கு முன்னால் போடும் துளையை 6.8-க்குப் பதிலாக 6.5 ட்ரில்லில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

துண்டைக் கொண்டுவருகிறவரை ஜன்னலில் வைத்துத் திட்டாதீர்கள். ஒருமுறை திட்டினால் அடுத்த துண்டு குப்பைக்குத்தான் போகும்.

தொலைந்த டோக்கனுக்கு அதே எண்ணில் இன்னொன்று அடிப்பது

பழைய வில்லை எங்கேயோ மெஷினுக்கு அடியில் கிடக்கும். வேறொருவர் கையில் கிடைத்தால் இவர் பெயரில் டூல் போகும். புதியதில் எண்ணோடு ஒரு எழுத்தையும் குத்துங்கள், 47 என்றிருந்தது 47அ ஆகட்டும். எழுத்தில்லாத அந்தப் பழைய வில்லை எப்போது ஜன்னலுக்கு வந்தாலும் பிடித்துவைத்துக்கொள்ளுங்கள்.

நண்பரின் டோக்கனுக்கு டூல் கொடுப்பது

கொடுக்காதீர்கள்.

கார்பைட் இன்செர்ட்டுக்கு டோக்கன் வாங்குவது

அது திரும்பிவரும் பொருள் அல்ல. பழையதைக் கொடுத்தால் புதியது, அவ்வளவுதான்.

கொக்கியை மட்டும் நம்புவது

ஒற்றை டோக்கன் முறையில் டூலைக் கேட்டால் ஆள் தெரியும். ஆளைக் கேட்டால் டூல் தெரியாது. வேலையை விட்டுப் போகிறவருக்கு நோ டியூ கையெழுத்துப் போட வேண்டிய அன்றுதான் இது உறைக்கும், எல்லாக் கொக்கியையும் சுற்றிவர வேண்டியிருக்கும். அவர் பத்து வில்லையையும் மேஜையில் எண்ணி வைத்தால் கையெழுத்துப் போடலாம். ஏழுதான் வைத்தால் மீதி மூன்றும் ஏதாவது மூன்று கொக்கியில் இருக்க வேண்டும் அல்லது தொலைந்ததாக முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இந்தச் சுற்றல் வேண்டாமென்றால் ஆள் எண் வரிசையில் இன்னொரு பலகை வையுங்கள். ஒவ்வொரு டூலுக்கும் அதன் பெயர் குத்திய தகரச் சீட்டு ஒன்று. டூல் வெளியே போகும்போது ஆளின் வில்லை டூல் கொக்கிக்கும், டூலின் சீட்டு ஆள் கொக்கிக்கும் போகும். நாங்கள் இதை ரீமருக்கும் அளவுக் கருவிகளுக்கும் மட்டும் வைத்திருக்கிறோம், ட்ரில்லுக்கெல்லாம் வைத்தால் பலகை தாங்காது. தினமும் இரண்டாவது ஷிஃப்ட் முடிந்ததும் பையன்கள் அந்தப் பலகை முன்னால் நின்று, எந்தக் கொக்கியில் சீட்டு மூன்று நாளாக நகரவில்லை என்று பார்த்து எழுதுகிறார்கள். நேற்று 31-ஆம் எண்ணில் ஒரு போர் கேஜ் சீட்டு ஐந்தாவது நாளாக அப்படியே தொங்கியது. போய்க் கேட்டதற்கு, அவர் விடுப்பில் இருக்கிறார், கேஜ் அவர் லாக்கரில் இருக்கிறது என்றார்கள்.