61 சதவீதம் திறந்தார்களா? மின்னஞ்சல் ஸ்கிரீன்ஷாட்டை வாசிக்கும்போது வரும் தவறுகள்

வீட்டிலேயே கையால் சோப்பு செய்து விற்கும் தோழி ஒருவர் போன மாதம் எனக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். வாடிக்கையாளர்களுக்கு மாதம் ஒருமுறை மின்னஞ்சல் அனுப்புகிறார். அதன் கணக்குகள் உள்ள பக்கத்தை அப்படியே படம் பிடித்திருந்தார். கூடவே முந்தைய மாதத்தின் படமும் இருந்தது. “திறந்தவங்க 37.5 சதவீதத்திலிருந்து 61.2க்கு ஏறிடுச்சு! இதே மாதிரி தலைப்பு வச்சு இனி எல்லா மாசமும் அனுப்பப் போறேன்” என்று எழுதியிருந்தார்.

புதிய படத்தில் இருந்த எண்கள் இவை. அனுப்பியது 412, போய்ச் சேர்ந்தது 389, திறந்தவர்கள் 238, இணைப்பைத் தட்டியவர்கள் 9, பவுன்ஸ் 23, விலகியவர்கள் 4. பழைய படத்தில் அனுப்பியது 256, போய்ச் சேர்ந்தது 251, திறந்தவர்கள் 94, தட்டியவர்கள் 11, பவுன்ஸ் 5, விலகியவர் 1.

எனக்கு உறுத்தியது தட்டியவர்கள் எண்ணிக்கைதான். திறந்தவர்கள் இரண்டரை மடங்கு ஆகியிருக்கிறார்கள், தட்டியவர்கள் மட்டும் குறைந்திருக்கிறார்கள். கடிதத்தை நிஜமாகவே அத்தனை பேர் கூடுதலாகப் படித்திருந்தால் இப்படி ஆகாது. அதனால் அவரை டாஷ்போர்டைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொல்லி, இரண்டு பேரும் போனில் பேசிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

‘திறந்தார்’ என்று டாஷ்போர்டுக்கு எப்படித் தெரிகிறது என்பதில்தான் முதல் தவறு ஆரம்பிக்கிறது. கடிதத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு குட்டிப் படம் வைத்து அனுப்புகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனி முகவரி உள்ள படம் அது. அந்தப் படம் சர்வரிலிருந்து இறக்கப்பட்டால் ‘திறந்தார்’ என்று பதிவாகும். கண்கள் படித்தனவா என்பது அதற்குத் தெரியாது. படங்களைக் காட்டாதே என்று அமைத்து வைத்திருப்பவர் முழுக் கடிதத்தையும் படித்தாலும் கணக்கில் வரமாட்டார்.

எதிர்த் திசையிலும் பிசகு உண்டு. 2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் மெயில் செயலியில் ஒரு தனியுரிமைப் பாதுகாப்பைக் கொண்டுவந்தது. அதை இயக்கியிருப்பவர்களுக்குக் கடிதம் வந்தால், அவர்கள் திறக்காவிட்டாலும் ஆப்பிளின் சர்வர்களே படங்களைப் பின்னணியில் இறக்கி வைத்துவிடும். டாஷ்போர்டு அதையும் திறப்பு என்றே எண்ணும். ஒருவருடைய கணக்கு ஜிமெயிலாக இருந்தாலும், அதை ஆப்பிளின் மெயில் செயலியில் பார்ப்பவராக இருந்தால் இதே கதைதான்.

இதனால் மின்னஞ்சல் அனுப்ப உதவும் சில சேவைகள், ஆப்பிள் வழியாக வந்த திறப்புகளை நீக்கிக் காட்ட ஒரு சின்னப் பொத்தான் வைத்திருக்கின்றன. தோழியின் சேவையிலும் அது இருந்தது. முந்தைய மாதப் படத்தை எடுத்தபோது நீக்கும் பொத்தான் இயங்கிக்கொண்டிருந்தது, புதிய படத்தை எடுத்தபோது அது அணைந்திருந்தது. அவர் கத்தரித்து அனுப்பிய படத்தில் பொத்தான் இருந்த மேல் பகுதியே இல்லை. மறுபடி இயக்கிப் பார்த்தோம். 238 பேரில் 130 பேர் ஆப்பிள் வழி வந்தவர்கள், மிச்சம் 108. அதாவது 389 பேரில் 27.8 சதவீதம். ஏறியது என்று நினைத்தது உண்மையில் 37.5லிருந்து இறங்கியிருந்தது.

அந்த 130 பேரில் சிலராவது நிஜமாகவே திறந்திருப்பார்கள். அதனால் 27.8 என்பதும் முழு உண்மை இல்லை. ஒரே மாதிரி அளந்த இரண்டு மாதங்களை ஒப்பிட மட்டும் அது உதவும். அமைப்பு மாறிய இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்து ஏறியதா இறங்கியதா என்று முடிவு செய்வதுதான் நான் அடிக்கடி பார்க்கும் பெரிய தவறு. படம் எடுத்த நேரமும் இதைப் போலத்தான்: அனுப்பிய அன்று மாலை எடுத்ததையும் பத்து நாள் கழித்து எடுத்ததையும் ஒப்பிடவே முடியாது. தோழி இரண்டையும் ஒரு வாரம் கழித்து எடுத்திருந்தார், அது நல்லதாயிற்று.

சரி, ஏன் இறங்கியது? தலைப்பு சரியில்லையா? இங்கே பவுன்ஸ் எண் நமக்கு வழி காட்டியது.

பவுன்ஸ் என்றால் கடிதம் சேராமல் திரும்பியது. 412இல் 23 என்பது 5.6 சதவீதம், முந்தைய மாதம் 256இல் 5தான், 2 சதவீதத்துக்குள். ஆனால் மொத்த எண்ணை மட்டும் பார்த்தால் எதுவும் புரியாது, ஏனென்றால் பவுன்ஸில் இரண்டு வகை உண்டு. முகவரியே இல்லை என்று நிரந்தரமாகத் திரும்புவது ஹார்டு பவுன்ஸ். பெட்டி நிறைந்துவிட்டது, அந்தப் பக்கத்து சர்வர் தற்போதைக்கு வாங்கவில்லை என்பது போலத் தற்காலிகமாகத் திரும்புவது சாஃப்ட் பவுன்ஸ். ஒரு முகவரியைத் தட்டினால் காரணம் தெரியும். பொதுவாக இப்படி இருக்கும்:

```
550 5.1.1 User unknown
452 4.2.2 Mailbox full
```

5இல் தொடங்கினால் நிரந்தரம், 4இல் தொடங்கினால் தற்காலிகம். முதல் வகையைப் பெரும்பாலான சேவைகள் அடுத்த முறை தாமாகவே ஒதுக்கிவிடும். இரண்டாவது வகைக்கு அவசரப்பட்டு எதுவும் செய்ய வேண்டாம், அடுத்த மாதம் அதே முகவரி மறுபடி திரும்புகிறதா என்று பார்த்தால் போதும். ஒரே ஒரு முறை பெட்டி நிறைந்திருந்ததற்காக நல்ல வாடிக்கையாளரை அழித்துவிடுபவர்கள் உண்டு, அது வேண்டாம்.

தோழியின் 23இல் 17 ஹார்டு, 6 சாஃப்ட். அந்த 17 முகவரிகளின் பட்டியலைத் திறந்ததும் விஷயம் வெளியே வந்தது. இரண்டில் `gmail.con` என்று முடிந்தது. பல முகவரிகளில் எழுத்தும் எண்ணும் குழம்பியிருந்தன, `l` இருக்க வேண்டிய இடத்தில் `1`. “இதெல்லாம் கண்காட்சியில சீட்டுல எழுதி வாங்கினது” என்றார். போன மாதம் கைவினைக் கண்காட்சி ஒன்றில் மேசை போட்டிருந்தார். அங்கே வந்தவர்கள் எழுதிக் கொடுத்த 160 சீட்டுகளை அவரே தட்டச்சு செய்து சேர்த்திருந்தார். பழையவர்கள் 252 பேர், புதியவர்கள் 160 பேர்.

இந்த இரண்டு கூட்டத்தையும் பிரித்துப் பார்த்ததும் படம் தெளிவாகிவிட்டது. ஹார்டு பவுன்ஸ் 17இல் 16 புதியவர்களுடையது; அவர்களில் பத்துக்கு ஒருவர். பழையவர்களில் ஒரே ஒருவர். திறப்பும் அப்படித்தான். பழையவர்களில் 249 பேருக்குச் சேர்ந்து 90 பேர் திறந்தார்கள், 36.1 சதவீதம். புதியவர்களில் 140 பேருக்குச் சேர்ந்து 18 பேர், 12.9 சதவீதம். தட்டிய 9 பேரில் 8 பேர் பழையவர்கள்.

அப்படியென்றால் பழைய வாடிக்கையாளர்கள் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறார்கள். 37.5க்கும் 36.1க்கும் நடுவே இருப்பது மூன்று நான்கு பேர்தான். ஒருவர் ஊருக்குப் போயிருந்தாலும் இந்த எண் அசையும். 250 பேர் உள்ள பட்டியலில் ஒவ்வொருவரும் 0.4 சதவீதம். பெரிய நிறுவனங்கள் அரை சதவீத மாற்றத்தைப் பற்றிப் பேசுவதைக் கேட்டு நாமும் அப்படிப் பார்த்தால் வீண் கவலைதான் மிஞ்சும். சின்னப் பட்டியலில் சதவீதத்தை மறைத்துவிட்டு ஆட்களின் எண்ணிக்கையைப் பார்ப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. தலைப்பு நல்லதா கெட்டதா என்பதை இந்த இரண்டு படங்களிலிருந்து சொல்லவே முடியாது.

அப்புறம் விலகியவர்கள். 4 பேர் போய்விட்டார்களே என்றுதான் தோழி முதலிலேயே வருந்தினார், விலகும் இணைப்பை இன்னும் கீழே சின்ன எழுத்தில் போடலாமா என்றும் கேட்டார். இது நான் கையைப் பிடித்துத் தடுக்க விரும்பும் தவறு. விலகும் இணைப்பு கண்ணில் படாவிட்டால், விலக நினைப்பவர் அடுத்து அழுத்துவது ‘ஸ்பேம்’ பொத்தானைத்தான். விலகல் ஒருவரோடு முடிந்துவிடும். ஸ்பேம் புகார், மற்றவர்களுக்குப் போகும் கடிதத்தையும் ஸ்பேம் பெட்டிக்குத் தள்ளும்.

“புகார்தான் பூஜ்யம்னு காட்டுதே?” என்றார். அந்தப் பூஜ்யத்தை நம்பக் கூடாது. யார் ஸ்பேம் என்று அழுத்தினார் என்பதைச் சில மின்னஞ்சல் நிறுவனங்கள் அனுப்பியவரின் சேவைக்குத் தெரிவிக்கும். ஜிமெயில் ஆள் வாரியாகத் தெரிவிப்பதில்லை. பட்டியலில் பெரும்பாலோர் ஜிமெயில்காரர்கள் என்றால், அந்தக் கட்டம் அவர்களைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை என்று அர்த்தம். கூகுளின் போஸ்ட்மாஸ்டர் கருவி சொந்த டொமைனிலிருந்து அனுப்புபவர்களுக்கு மொத்த விகிதத்தைக் காட்டும், ஆனால் சில நூறு கடிதங்கள் மட்டும் போனால் அதிலும் பெரும்பாலும் தரவு வராது. கூகுள் கேட்பதோ அந்த விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்பது. 300 ஜிமெயில்காரர்களில் ஒருவர் அழுத்தினாலே அந்தக் கோடு தாண்டிவிடும். இன்னொன்று, ‘போய்ச் சேர்ந்தது 389’ என்பதில் ஸ்பேம் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தவையும் அடக்கம்.

நான்கு பேரில் மூவர் புதியவர்கள் என்பதையும் பார்த்தோம். அவர்களுக்குச் சோப்பு வாங்கிய நினைவு இருக்கலாம், மாதாமாதம் கடிதம் வரும் என்று யாரும் சொன்னதில்லை. சீட்டில் ‘மின்னஞ்சல்’ என்ற ஒரு கோடு மட்டும்தான் இருந்ததாம்.

தோழி பிறகு செய்தது இது. திரும்பிய 16 முகவரிகளையும் சீட்டோடு ஒத்துப் பார்த்தார். தட்டச்சில் தான் விட்ட பிழை என்று உறுதியாகத் தெரிந்த 7ஐ மட்டும் திருத்தினார். கையெழுத்தே புரியாதவற்றை ஊகித்து எழுதவில்லை, ஏனென்றால் ஊகம் தவறினால் கடிதம் முன்பின் தெரியாத ஒருவருக்குப் போகும். திருத்தியவர்களையும் சேர்த்துப் புதியவர்கள் எல்லோருக்கும், விலகியவர்களை விட்டுவிட்டு, ஒரு சின்னக் கடிதம் அனுப்பினார்: கண்காட்சியில் சந்தித்தோம், மாதம் ஒரு கடிதம் வரும், வேண்டுமென்றால் இந்தப் பொத்தானைத் தட்டுங்கள். தட்டாதவர்களைப் பட்டியலில் வைத்துக்கொள்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறார்.

இந்த மாதப் படம் நேற்று வந்தது. கத்தரிக்காமல், பொத்தான் இருக்கும் மேல் பகுதியோடு, பழையவர்களுக்கு ஒன்றும் புதியவர்களுக்கு ஒன்றுமாக இரண்டு படங்கள். கோப்பின் பெயரிலேயே ‘7ஆம் நாள், ஆப்பிள் நீக்கியது’ என்று எழுதியிருந்தார்.